தெரியாத வகுப்பில் நாற்பது நிமிடம்: மொரீஷியசில் தமிழ் சப்ளை டீச்சராகப் போகிறவர்களுக்கு

காலையில் பள்ளிக்குள் நுழைந்ததும் சொல்வார்கள்: "கிரேட் நாலு தமிழ் வகுப்பு, சாப்பாட்டுக்கு அப்புறம். அவங்க டீச்சர் லீவு. நீங்க பார்த்துக்குங்க." பிள்ளைகள் யார், எந்தப் பாடத்தில் நிற்கிறார்கள், யாருக்கு எது வரும் என்று ஒன்றும் தெரியாது. கையில் இருக்க வேண்டியவை இரண்டு: நமக்கான திட்டத்தாள் ஒன்று, பிள்ளைகளுக்கான பயிற்சித்தாள் ஒன்று. இரண்டையும் எப்படித் தயாரிப்பது, அந்த நாற்பது நிமிடத்தை எப்படி நடத்துவது என்பதை நான் செய்துவரும் முறைப்படி எழுதுகிறேன்.

முதலில் இங்கே தமிழ் வகுப்பு எப்படிப்பட்டது என்று புரிந்துகொள்ள வேண்டும். ஆரம்பப் பள்ளியில் தமிழ் விருப்பப் பாடம். தமிழ் நேரம் வந்தால் ஒரே வகுப்பில் இருந்த பிள்ளைகள் பிரிந்து, சிலர் இந்திக்கு, சிலர் உருதுக்கு, தெலுங்குக்கு, மராத்திக்கு, சிலர் 2012 முதல் பாடமாக வந்த க்ரெயோலுக்கு என்று போவார்கள். தமிழ் எடுத்தவர்கள் இரண்டு மூன்று பிரிவுகளிலிருந்து ஓர் அறைக்கு வருவார்கள். வீட்டில் பேசுவது பெரும்பாலும் க்ரெயோல். கோயிலில் தேவாரம் மனப்பாடமாகப் பாடும் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வராமல் இருக்கலாம். அதே மேசையில் முழுப் பத்தி வாசிக்கும் பிள்ளை இருக்கும். இதெல்லாம் நிரந்தர டீச்சருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. ஆகவே நாம் விளக்கிக்கொண்டே இருக்க வேண்டிய தாள் இங்கே பயன்படாது. பிள்ளை தானாகவே தொடங்கி, தானாகவே சரிபார்த்து, தன் அளவுக்கு நகர்கிற தாள் வேண்டும்.

இதை நான் தவறு செய்துதான் கற்றேன். ஆரம்பத்தில் அழகாக டைப் செய்த ஒரு தாளைக் கொண்டுபோனேன். மேலே "கோடிட்ட இடங்களை நிரப்புக" என்று இருந்தது. தாளைக் கொடுத்து ஒரு நிமிடம் ஆகவில்லை, பாதி வகுப்பு கை தூக்கிவிட்டது. "மிஸ், மோ பா கொம்ப்ரான்" என்று நாலா பக்கமும் குரல். பிள்ளைகளுக்குப் பதில் தெரியாமல் இல்லை. "நிரப்புக" என்ற சொல்தான் புரியவில்லை. ஒவ்வொரு மேசைக்கும் போய் அதே விளக்கத்தைச் சொல்லி முடிப்பதற்குள், முதலில் கேட்ட மேசையில் சத்தம் தொடங்கிவிட்டது. அன்று மாலையே அந்தத் தாளை ஒதுக்கிவிட்டு வேறொன்று எழுதினேன். அதைத்தான் கீழே பிரித்துக் காட்டுகிறேன்.

நமக்கான தாள்

ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. வகுப்பின் நடுவில் பக்கம் புரட்ட நேரம் இருக்காது. மேல் பாதி, மணி அடிக்கும் முன் ஆபீசிலோ பக்கத்து அறையிலோ கேட்டு நிரப்ப வேண்டியது. கீழ்ப் பாதி நிமிடக் கணக்கு. என் தாள் இப்படி இருக்கும்:

வகுப்பு ____ அறை ____ மணி ____ முதல் ____ வரை
பட்டியலில் ____ பேர், வந்தவர் ____ பேர்
எந்தெந்தப் பிரிவிலிருந்து வருகிறார்கள் ____
மருந்து, உடம்பு, சீக்கிரம் போக வேண்டியவர் ____
உதவிக்குப் பக்கத்து அறை டீச்சர் ____
டீச்சர் விட்டுப்போன வேலை உண்டா ____

0–5 வாசல், இடம், பெயர் அட்டை
5–8 போர்டில் ஒன்று செய்து காட்டுதல்
8–28 தாள் வேலை
28–35 சேர்ந்து வாசித்தல்
35–40 தாள் வாங்குதல், தலை எண்ணுதல், வாசல்

இதில் இரண்டு வரிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒன்று, பட்டியல். நாம் கேட்க வேண்டியது தமிழ் வகுப்பின் பட்டியல். பிரிவின் ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டு போனால் அதில் பாதிப் பேர் வேறு மொழி அறையில் இருப்பார்கள், நாம் வராதவர்களைத் தேடிக்கொண்டிருப்போம். ஒரு பள்ளியில் எனக்குப் பட்டியலே கிடைக்கவில்லை. அப்படியானால் வந்தவுடன் ஒரு வெற்றுத் தாளைச் சுற்றவிட்டுப் பெயரும் பிரிவும் எழுதச் சொல்லுங்கள், தலையை எண்ணிச் சரிபாருங்கள். போகும்போதும் அதே எண்ணிக்கை இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் உடனே ஆபீசுக்குச் சொல்லிவிட வேண்டும், வகுப்பு முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இன்னொன்று, டீச்சர் விட்டுப்போன வேலை. அது இருந்தால் அதற்குத்தான் முதலிடம். நம் தாள் அது தீர்ந்த பிறகு. குறிப்பாகக் கிரேட் 6. ஆண்டுக் கடைசியில் பிஎஸ்ஏசி தேர்வு இருப்பதால் அவர்கள் டீச்சர் ஒரு வரிசையில் பாடம் கொண்டுபோவார். நாம் நடுவில் புகுந்து புதிதாக ஒன்று தொடங்கினால் அவருக்குத் தொந்தரவு.

முதல் ஐந்து நிமிடம்

அறைக்குள் போய் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட வேண்டாம். வாசலில் நில்லுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் "வணக்கம்" சொல்லி, காகிதத்தைக் கையில் கொடுத்து உள்ளே விடுங்கள். காகிதம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, ஏ4 தாளை நான்காக வெட்டியது. போர்டில் முன்பே எழுதியிருக்க வேண்டியது ஒரே வரி: "உன் பெயரை எழுது." அதற்குக் கீழே நம் பெயரை நாமே தமிழில் எழுதி, மடித்து நிற்க வைத்த அட்டையின் சிறு படம். படத்தைப் பார்த்ததும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும். அப்புறம் யாரும் கேட்க வேண்டியதில்லை.

இந்த அட்டையால் பெயர் தெரிகிறது என்பது வெளிப்படையான பயன். எனக்கு அதைவிட முக்கியமானது வேறு. பிள்ளைகள் எழுதும்போது நடுவில் ஒரு முறை நடந்து பாருங்கள். சிலர் தயங்காமல் தமிழில் எழுதுவார்கள். சிலர் முதல் எழுத்தைத் தமிழில் போட்டுவிட்டு அடுத்த பிள்ளையின் அட்டையை எட்டிப் பார்ப்பார்கள். சிலர் நேராக ரோமன் எழுத்தில் எழுதிவிடுவார்கள். மூன்றாவது நிமிடத்தில் அறையில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது ஓரளவு தெரிந்துவிடுகிறது. ரோமனில் எழுதியவரை அழித்து எழுதச் சொல்லாதீர்கள். யார் யார் என்று மட்டும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள், தாள் வேலையின்போது முதலில் அவர்கள் பக்கம் போக வேண்டும்.

மூன்று பழக்கம், அதற்கு மேல் வேண்டாம்

புது டீச்சர் பத்து விதி சொன்னால் பிள்ளைகளுக்கு ஒன்றும் நிற்காது. நான் மூன்றுதான் சொல்கிறேன். ஒவ்வொன்றையும் சொல்லி முடித்ததும் ஒரு தடவை செய்தும் பார்க்கிறோம்.

முதலாவது அமைதிக்கான அடையாளம். கையை உயர்த்தி, ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று மெதுவாகத் தமிழில் எண்ணுவேன். எண்கள் ஏறக்குறைய எல்லாருக்கும் தெரியும், பாதிப் பேர் கூடவே எண்ணுவார்கள். "ஒன்று" என்றதும் பென்சில் கீழே, கண் இங்கே. அதற்குப் பிறகும் ஒரு மேசையில் பேச்சு இருந்தால் திரும்ப ஐந்திலிருந்து எண்ணாதீர்கள். திரும்ப எண்ணினால் முதல் எண்ணிக்கைக்கு மதிப்பில்லை என்று பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள். பேசாமல் அந்த மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றால் போதும்.

இரண்டாவது, உதவி கேட்கும் வரிசை. போர்டின் ஓரத்தில் மூன்று சிறு படம்: ஒரு தாள், இரண்டு தலை, ஒரு தலை. முதலில் தாளில் செய்து காட்டியிருக்கும் மாதிரியைப் பார், அப்புறம் பக்கத்துப் பிள்ளையிடம் மெதுவாகக் கேள், அப்புறம் மிஸ். கை தூக்கிய பிள்ளையிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "பக்கத்தில் கேட்டியா?" என்பதுதான். இதை ஐந்தாறு முறை விடாமல் கேட்டால் வரிசை நிலைத்துவிடும். ஒரு தடவை விட்டுக்கொடுத்தால் எல்லாக் கையும் மேலே வரும்.

மூன்றாவது கழிவறை. "மோ காபாவ் ஆல் த்வாலெத்?" என்ற கேள்வி எப்படியும் வரும். ஒரு நேரத்தில் ஒருவர்தான். போகிற பிள்ளை போர்டின் மூலையில் தன் பெயரை எழுதிவிட்டுப் போக வேண்டும், வந்ததும் தானே அழிக்க வேண்டும். யார் வெளியே இருக்கிறார்கள் என்று நமக்கு எப்போதும் கண்ணுக்குத் தெரியும். அடுத்தவரும் கேட்காமல் போர்டைப் பார்த்தே காத்திருப்பார். வகுப்புக்கு ஏற்கெனவே வேறு வழக்கம் இருந்தால் அதையே விட்டுவிடுங்கள். இந்த ஒன்றில் பழைய வழக்கம்தான் நல்லது.

தானாக ஓடும் பயிற்சித்தாள்

தாளுக்கான விஷயத்தை எங்கிருந்து எடுப்பது? பிள்ளைக்குப் பொருளும் புதிது, எழுத்தும் புதிது என்றால் தாள் ஓடாது. ஏதாவது ஒன்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். இங்கே நமக்கு ஒரு வசதி உண்டு. மொரீஷியசு க்ரெயோலில் தமிழ்ச் சொற்கள் குடியிருக்கின்றன. தமிழ் பேசாத வீட்டிலும் கொத்தோமிலி என்கிறார்கள், காரிபூலே என்கிறார்கள், ப்ரெத் மூரூம் சமைக்கிறார்கள், சந்தையில் பிப்பங்காய் வாங்குகிறார்கள். கொத்தமல்லி, கறிவேப்பிலை, முருங்கை, பீர்க்கங்காய். பிள்ளையின் வாயில் சொல் ஏற்கெனவே இருக்கிறது. எழுத்து மட்டும்தான் புதிது. இந்த நாலு சொல்லை வைத்தே ஒரு தாள் முழுவதும் எழுதலாம்.

முதல் பகுதியில் நாலு படம். ஒவ்வொன்றின் கீழும் தமிழ்ச் சொல் பெரிதாக, அதன் பக்கத்தில் க்ரெயோல் சொல் சின்னதாக ரோமன் எழுத்தில். அதற்குக் கீழே எழுதிப் பார்க்க இரண்டு கோடு. முதல் சொல்லை மட்டும் ஒரு கோட்டில் நானே கையால் எழுதி வைத்திருப்பேன், அதுதான் மாதிரி. கட்டளை ஒரே சொல்: "எழுது." பக்கத்தில் பென்சில் படம். எந்தப் பிள்ளையும் இந்தப் பகுதியில் நின்றுபோகாது. அப்படி நின்றுபோகாத ஒரு தொடக்கம் இருந்தால்தான் முதல் ஐந்து நிமிடம் அறை அமைதியாக இருக்கும், நாமும் ரோமனில் பெயர் எழுதியவர்களின் பக்கத்தில் போய் உட்கார முடியும்.

இரண்டாம் பகுதி: அதே நாலு சொல், பெரிய எழுத்தில், இடைவெளி விட்டு. "புள்ளி வைத்த எழுத்துக்கு வட்டம் போடு." முதல் வட்டத்தை நாமே போட்டுக் காட்டியிருக்க வேண்டும். கோட்டின் கடைசியில் ஒரு பெட்டி, அதற்குள் 8 என்ற எண். கொத்தமல்லியில் இரண்டு, முருங்கையில் ஒன்று, கறிவேப்பிலையில் ஒன்று, பீர்க்கங்காயில் நாலு. மொத்தம் எட்டு. அந்தப் பெட்டிதான் இந்தத் தாளின் உயிர். பிள்ளை எண்ணிப் பார்க்கிறது, ஏழு வருகிறது. நம்மைக் கூப்பிடுவதில்லை, மறுபடி முதல் சொல்லுக்குப் போகிறது. பெரும்பாலும் தவறிப்போவது பீர்க்கங்காயின் கடைசி ய், அல்லது முருங்கையின் நடுவில் இருக்கும் ங். ஒரு பையன் விரலை ஒவ்வோர் எழுத்தாக வைத்துக்கொண்டே போய், கடைசி ய் மேல் விரல் வந்ததும் நிறுத்தி, ஒரு பெரிய வட்டம் போட்டு, எட்டு என்ற எண்ணுக்குப் பக்கத்தில் தானே ஒரு சரிக்குறி போட்டுக்கொண்டான். நான் அப்போது அறையின் மறு மூலையில் இருந்தேன்.

மூன்றாம் பகுதியில் ஒவ்வொரு சொல்லிலும் ஓர் எழுத்து இல்லை: கொத்தமல்__, மு__ங்கை, க__வேப்பிலை, பீர்க்கங்__ய். பக்கத்துப் பெட்டியில் ரு, கா, லி, றி என்ற நாலு எழுத்து மட்டும். கூடுதல் எழுத்து போடாதீர்கள். நாலும் பயன்பட்டு முடிந்தால் வேலை சரி, ஒன்று மிச்சமானாலோ ஒன்றை இரண்டு தடவை எழுதியிருந்தாலோ எங்கோ தவறு. இதுவும் பிள்ளை தானே கண்டுபிடிக்கக்கூடியது. ரு, றி இரண்டையும் மாற்றிப் போடுகிறவர்கள் உண்டு. மாற்றிப் போட்டால் பெட்டி காலியாகிவிடும், தவறு தெரியாது. அதனால் "மேலே பார்த்துச் சரிபார்" என்று ஓர் அம்புக்குறி முதல் பகுதியைக் காட்ட வேண்டும்.

நான்காம் பகுதி வாக்கியம். "எங்கள் வீட்டில் ________ சமைப்பார்கள்." "எனக்கு ________ பிடிக்கும்." "எனக்கு ________ பிடிக்காது." இதற்கு ஒரே விடை கிடையாது, அதனால் பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதுவதிலும் பயனில்லை. நாலு சொல்லை விட்டு வேறு சொல் எழுதத் தெரிந்தவர்கள் எழுதட்டும்.

தாளின் பின்பக்கம் சீக்கிரம் முடித்தவர்களுக்கு. வெற்றுக் கட்டம் ஒன்று: "உங்கள் வீட்டுச் சமையலறையை வரை. தெரிந்த பெயர்களை எழுது." இது முடிவதே இல்லை, அதுதான் வசதி. "மிஸ், முடிஞ்சது, இப்ப என்ன?" என்ற கேள்வி வராது. கத்தரி, பசை, கலர் பென்சில் கேட்கும் எதையும் தாளில் வைக்காதீர்கள். அவை அறையில் இருக்குமா என்று நமக்குத் தெரியாது, தேடப் போனால் அதிலேயே பத்து நிமிடம் போய்விடும்.

அச்சடிக்கும்போது

வீட்டில் நன்றாகத் தெரிந்த தமிழ் எழுத்து, பள்ளிக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகவோ ஆங்கில எழுத்துக் குப்பையாகவோ வரும். பழைய எழுத்துருவில் டைப் செய்தால் அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் இப்படித்தான் ஆகும். யூனிகோடில் டைப் செய்து, பிடிஎஃப் ஆக மாற்றி எடுத்துப் போங்கள். எழுத்து அளவு 18க்குக் குறைய வேண்டாம். சிறிதாக இருந்தால் போட்டோகாபியில் புள்ளிகள் மறைந்துவிடும், புள்ளியை எண்ணச் சொல்லும் தாளில் அது பெரிய ஆபத்து. ஒரு பிரதி எடுத்ததும் எட்டுப் புள்ளியும் தெரிகிறதா என்று எண்ணிவிட்டே மீதியை எடுங்கள்.

காகிதத்தையும் மின்சாரத்தையும் நம்பி இருக்க முடியாது. நாற்பது பிரதியை வீட்டிலேயே எடுத்து ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். அதுவும் தீர்ந்தால் இதே தாளைப் போர்டில் எழுதிவிடலாம், பிள்ளைகள் நோட்டில் செய்வார்கள். நாலு சொல்தானே, எழுத நாலு நிமிடம் போதும்.

புதுத் தாள் எழுதினால் ஒரு சோதனை செய்யுங்கள். வீட்டிலோ பக்கத்திலோ அந்த வயதுப் பிள்ளை ஒன்றிடம் கொடுத்துவிட்டு, ஐந்து நிமிடம் வாயே திறக்காமல் இருங்கள். பிள்ளை எந்த இடத்தில் தலை நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறதோ அந்த வரியைத் திருத்த வேண்டும். என் இரண்டாம் பகுதியில் முதலில் "மெய்யெழுத்து" என்று எழுதியிருந்தேன். என் அக்கா பேத்தி அந்த இடத்தில்தான் நிமிர்ந்து பார்த்தாள். அன்றைக்கே அதைப் "புள்ளி வைத்த எழுத்து" என்று மாற்றினேன்.

வகுப்பில்

அட்டை எழுதி முடிந்தது, மூன்று பழக்கமும் சொல்லியாகிவிட்டது. இப்போது தாளைக் கொடுக்கும் முன், முருங்கை என்ற சொல்லைப் போர்டில் எழுதி, "இது என்ன?" என்று கேட்காமல், படம் மட்டும் பக்கத்தில் வரைந்து, புள்ளிக்கு வட்டம் போட்டுக் காட்டுங்கள். வாய்ப்பேச்சு மூன்று நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். அப்புறம் தாள். கொடுத்ததும் முதல் இரண்டு நிமிடம் யாருக்கும் உதவாதீர்கள், நின்று பாருங்கள். யாருடைய பென்சில் நகரவில்லை என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கிரேட் நாலு வகுப்பில் இருபத்தெட்டுப் பேருடன் இதைச் செய்தபோது, ஒரு சிறுமி முதல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்தின் மேல் விரல் வைத்து நான் "கொ... த்... த..." என்று மெதுவாகச் சொன்னேன். நடுவிலேயே நிமிர்ந்து, "மிஸ், சா கொத்தோமிலி சா!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள். மேசையில் எல்லாரும் திரும்பினார்கள். அதன் பிறகு மற்ற மூன்று சொல்லையும் அவளே க்ரெயோலில் ஊகித்து, எழுத்தோடு பொருத்தினாள். அவள் மூன்றாம் பகுதி வரைதான் வந்தாள். அது போதும்.

வேலை சீக்கிரம் கரைகிறதா, இழுக்கிறதா என்பதை அறையின் சத்தத்திலேயே கண்டுபிடிக்கலாம். மெல்லிய முணுமுணுப்பு இருந்தால் விடுங்கள், அது பக்கத்துப் பிள்ளையிடம் கேட்கும் சத்தம். நாற்காலி இழுபடும் சத்தம் தொடங்கினால் முடித்தவர்கள் கூடிவிட்டார்கள் என்று அர்த்தம். இருபதாவது நிமிடமானாலும் சரி, பதினைந்தாவது ஆனாலும் சரி, எண்ணத் தொடங்கி அடுத்த கட்டத்துக்குப் போய்விடுங்கள்.

சேர்ந்து வாசிக்கும்போது யாரையும் தனியாக எழுப்பி வாசிக்கச் சொல்ல வேண்டாம். யாருக்கு வாசிக்க வராது என்று நமக்கு முழுதாகத் தெரியாது, புதியவர் முன்னால் திணறிய பிள்ளை அடுத்த வகுப்பிலும் வாய் திறக்காது. "எனக்கு" என்று நான் தொடங்குவேன், மேசை மேசையாகச் சொல்லை வைத்து "பிடிக்கும்" என்றோ "பிடிக்காது" என்றோ முடிப்பார்கள். பாவற்காய் பிடிக்காதவர்கள் எப்போதும் அதிகம்.

கிரேட் 1, 2 என்றால் இந்தத் தாள் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடாது. அங்கே முதல் பகுதி மட்டும், எழுத்தைப் புள்ளிக்கோடாகப் போட்டு மேலே வரையச் சொல்லி, மீதி நேரம் பாட்டும் எண்ணும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாசலை விடும் முன்

கடைசி ஐந்து நிமிடத்தைத் தாண்டி வேலையை இழுக்காதீர்கள். பிள்ளைகள் இரண்டு மூன்று பிரிவுக்குத் திரும்ப வேண்டியவர்கள். தாளை மேசை மேசையாக வாங்குங்கள், பெயர் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். தலை எண்ணுங்கள். பிரிவு பிரிவாக வரிசையில் விடுங்கள்.

அப்புறம் தாள்களை மூன்று கட்டாகப் பிரித்து நிரந்தர டீச்சரின் மேசையில் வைப்பேன்: வாக்கியம் வரை வந்தவர்கள், எழுத்து வரை வந்தவர்கள், முதல் பகுதியிலேயே இருந்தவர்கள். மேலே ஒரு சின்னக் குறிப்பு. "சத்தம் போட்டார்கள்" என்று எழுதினால் அவருக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நான் கடைசியாக எழுதியது இது: "28 பேர் வந்தார்கள், 28 பேர் திரும்பினார்கள். ஆறு பேருக்கு ங் புள்ளி எழுத்தென்று தெரியவில்லை, அவர்கள் தாள் மேலே இருக்கிறது. ஜன்னலோர மேசைப் பெண் க்ரெயோல் சொல்லைப் பிடித்துக்கொண்டு தமிழை வாசிக்கிறாள்."

குறிப்பைக் கிளிப்பில் மாட்டிவிட்டு ஃபைலைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு பிரதி மிச்சம். அன்று வீட்டுக்குப் போகும் வழியிலேயே இன்னும் இருபத்தெட்டு எடுத்து வைத்துவிட்டேன்.